உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று: ஆட்ட அட்டவணை பிறக்கும் விதம்

2024 பிப்ரவரி 3. வேல்ஸ் நாட்டின் ரக்பி அணி தன் சொந்த ஊரான கார்டிஃபில் ஸ்காட்லாந்தோடு மோதியது. அடுத்த சனிக்கிழமை அதே வீரர்கள் லண்டனில் இங்கிலாந்தோடு ஆடினார்கள். பிப்ரவரி 24 அன்று டப்ளினில் அயர்லாந்தோடு ஆட்டம். அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் வெளிநாட்டு மண்ணில். பிறகு மார்ச் 10, மார்ச் 16 இரண்டு நாளும் தொடர்ந்து கார்டிஃபிலேயே ஆட்டம்.

அதே தொடரில் ஆடிய பிரான்சுக்கு இப்படி எதுவும் நடக்கவில்லை. முதல் ஆட்டம் தன் மண்ணில், அடுத்தது வெளியே, மூன்றாவது மறுபடி தன் மண்ணில் என்று கடிகார ஊசல் போல ஐந்து வாரமும் மாறி மாறி வந்தது. இங்கிலாந்துக்கும் அப்படியே, வெளியே தொடங்கி ஒழுங்காக மாறியது.

வேல்ஸ் ரசிகர் ஒருவர் இந்த அட்டவணையைப் பார்த்தால் ஓரவஞ்சனை என்றுதான் நினைப்பார். பிரான்சுக்குக் கிடைத்த ஒழுங்கை ஆறு அணிகளுக்கும் கொடுத்திருக்கக் கூடாதா? கூடாது என்பதல்ல, முடியாது என்பதே பதில். எவ்வளவு திறமைசாலி உட்கார்ந்து அட்டவணை போட்டாலும் ஆறு அணிகளில் இரண்டுக்கு மட்டுமே அந்த ஒழுங்கைத் தர முடியும். மற்ற நான்கும் ஏதாவது ஓர் இடத்தில் தொடர்ந்து இரண்டு ஆட்டம் ஒரே பக்கத்தில் ஆடியே ஆக வேண்டும். இது ஏன் என்பதை ஒரு தாளும் பேனாவும் இருந்தால் யாரும் கண்டுகொள்ளலாம்.

ஆறு அணி, பதினைந்து ஆட்டம்

‘சிக்ஸ் நேஷன்ஸ்’ என்ற இந்தத் தொடரில் இங்கிலாந்து, பிரான்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், இத்தாலி ஆகிய ஆறு அணிகள் ஆண்டுதோறும் மோதுகின்றன. 2000ஆம் ஆண்டில் இத்தாலி சேர்ந்தபோது ஐந்து அணித் தொடர் ஆறு அணித் தொடரானது. ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்தோடும் தலா ஒரு முறை ஆடும். இதைத்தான் ரவுண்ட் ராபின் என்கிறோம், நம் ஊர்ப் பேச்சில் லீக் முறை.

கணக்கு எளிது. ஆறு அணிக்கும் தலா ஐந்து ஆட்டம் என்றால் முப்பது. ஒவ்வோர் ஆட்டத்தையும் இரண்டு அணிக் கணக்கில் இரண்டு முறை எண்ணிவிட்டோம் என்பதால் பாதியாக்கினால் 15. அணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருப்பதால் ஒரு சுற்றில் யாரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. சுற்றுக்கு மூன்று ஆட்டம் வீதம் ஐந்து சுற்றில் எல்லாம் முடிந்துவிடும்.

ஆனால் மனம் போனபடி ஜோடி சேர்க்கத் தொடங்கினால் மூன்றாவது, நான்காவது சுற்றில் சிக்கிக்கொள்வோம். மிச்சமிருக்கும் இரண்டு அணிகள் ஏற்கெனவே ஆடியிருக்கும், ஆட வேண்டிய இரண்டு அணிகள் வேறு ஆட்டத்தில் மாட்டியிருக்கும். பள்ளி விளையாட்டு விழாவுக்கு அட்டவணை போட்ட உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும்.

அதிலிருந்து தப்பிக்கும் வழி 1847இலேயே தாமஸ் கிர்க்மன் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் கணிதக் கட்டுரையிலிருந்து வந்தது என்பது ஆய்வாளர்கள் கருத்து. அவர் கால்பந்தையோ ரக்பியையோ நினைத்து எழுதவில்லை. பொருள்களைக் குழுக்களாகப் பிரிக்கும் புதிர் ஒன்றைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். இன்று உலகம் முழுக்க லீக் அட்டவணைகளுக்கு அடிப்படையாக இருப்பது அந்த வழிதான். அதற்கு வட்ட முறை என்று பெயர்.

ஒருவர் அசையாமல், மற்றவர் நகர்ந்து

ஆறு அணிகளையும் இரண்டு வரிசையாக எழுதுவோம்.

பிரான்ஸ் | இத்தாலி | ஸ்காட்லாந்து
அயர்லாந்து | இங்கிலாந்து | வேல்ஸ்

மேலும் கீழும் எதிரெதிரே இருப்பவர்கள் முதல் சுற்றில் மோதுவார்கள். பிரான்ஸ்–அயர்லாந்து, இத்தாலி–இங்கிலாந்து, வேல்ஸ்–ஸ்காட்லாந்து. 2024 தொடரின் முதல் சுற்று உண்மையிலேயே இதுதான்.

அடுத்த சுற்றுக்குப் பிரான்ஸ் தன் இடத்திலேயே இருக்கட்டும். மற்ற ஐந்து அணிகளும் கடிகாரம் சுற்றும் திசையில் ஒரு இடம் நகரட்டும். கீழ் வரிசையில் இருந்த அயர்லாந்து மேலே ஏறி இத்தாலியின் இடத்துக்கு வரும். இத்தாலி வலப்பக்கம் நகரும். ஸ்காட்லாந்து கீழே இறங்கும். வேல்ஸும் இங்கிலாந்தும் இடப்பக்கம் நகரும்.

பிரான்ஸ் | அயர்லாந்து | இத்தாலி
இங்கிலாந்து | வேல்ஸ் | ஸ்காட்லாந்து

இது இரண்டாவது சுற்று. இதேபோல இன்னும் மூன்று முறை நகர்த்தினால் ஐந்து சுற்றும் தயார். ஐந்தாவது முறை நகர்த்தினால் எல்லோரும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவார்கள், அதுவே நிறுத்த வேண்டிய அடையாளம்.

எந்த ஜோடியும் இரண்டு முறை வராது என்று எப்படி நம்புவது? நகரும் ஐந்து அணிகளையும் ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களாக நினைத்துப் பாருங்கள். மூன்றாவது பத்தியில் எதிரெதிரே இருப்பவர்கள் எப்போதும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிக்காரர்கள். இரண்டாவது பத்தியில் இருப்பவர்களுக்கு நடுவே எப்போதும் ஓர் ஆள் உண்டு. முதல் பத்தியிலோ ஒருவர் கட்டாயம் பிரான்ஸ். ஆக ஒரு பத்தியில் வரும் ஜோடி இன்னொரு பத்தியில் வரவே முடியாது. பக்கத்து நாற்காலி ஜோடிகள் மொத்தம் ஐந்து, ஓர் ஆள் இடைவெளி விட்ட ஜோடிகள் ஐந்து, பிரான்சோடு சேரும் ஜோடிகள் ஐந்து. ஒவ்வொரு நகர்விலும் ஒவ்வொரு பத்தியிலும் புதிய ஜோடி ஒன்று வருகிறது. ஐந்து சுற்றில் பதினைந்தும் தீர்ந்துவிடுகின்றன.

உள்ளூர் யாருக்கு?

யார் யாரோடு என்பது முடிந்தது. யார் மண்ணில் என்பதுதான் மிச்சம். பலர் தடுக்கி விழும் இடம் இது.

மேல் வரிசையில் இருப்பவர்களுக்கு எப்போதும் உள்ளூர் ஆட்டம் என்று வைத்துக்கொண்டால் அட்டவணை உடனே கோணிவிடும். பிரான்ஸ் மேல் வரிசையை விட்டு நகர்வதே இல்லை என்பதால் ஐந்து ஆட்டமும் சொந்த மண்ணில் ஆடும். மற்ற அணிகள் மேலே இருக்கும் வரை தொடர்ந்து உள்ளூரிலும், கீழே இறங்கியபின் தொடர்ந்து மூன்று ஆட்டம் வெளியூரிலும் ஆட வேண்டியிருக்கும்.

சிலர் இதைக் கவனித்துவிட்டு, ஒரு சுற்றில் மேல் வரிசைக்கு, அடுத்த சுற்றில் கீழ் வரிசைக்கு என்று மாற்றிக் கொடுப்பார்கள். பிரான்சுக்கு அழகாக மாறி மாறி வரும், அதைப் பார்த்து எல்லாம் சரி என்று தோன்றிவிடும். ஆனால் ஸ்காட்லாந்தின் கணக்கை மட்டும் தனியே எழுதிப் பார்த்தால் ஐந்தில் நான்கு ஆட்டம் உள்ளூரில் வந்திருக்கும். தவறு அசையாத அணியிடம் தெரியாது, நகரும் அணிகளிடம் ஒளிந்திருக்கும்.

சரியான விதி வரிசையைப் பார்ப்பதில்லை, பத்தியைப் பார்க்கிறது. இரண்டாவது பத்தியில் எப்போதும் மேலே இருப்பவருக்கு உள்ளூர். மூன்றாவது பத்தியில் எப்போதும் கீழே இருப்பவருக்கு உள்ளூர். அணிகள் கூடுதலாக இருந்தால் நான்காவது பத்தியில் மேலே, ஐந்தாவதில் கீழே என்று இதே போக்கில் போகலாம். முதல் பத்திக்கு மட்டும் தனி விதி: முதல் சுற்றில் பிரான்சுக்கு, இரண்டாவதில் எதிரணிக்கு, மூன்றாவதில் மறுபடி பிரான்சுக்கு.

இப்போது இத்தாலியின் பின்னாலேயே போய்ப் பாருங்கள். முதல் சுற்றில் இரண்டாம் பத்தி மேலே, உள்ளூர். அடுத்து மூன்றாம் பத்தி மேலே, வெளியூர். அங்கிருந்து கீழே இறங்கினால் உள்ளூர். இடப்பக்கம் நகர்ந்தால் வெளியூர். இடம் மாற மாற ஆட்டமும் தானாகவே மாறுகிறது, யாரும் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஓர் இருக்கை மட்டும் இந்த ஓட்டத்தைக் கெடுக்கும். அது பிரான்சுக்கு நேர் கீழே இருக்கும் இடம். அங்கே வருகிற அணி அதற்கு முந்தைய சுற்றில் வெளியூரில் ஆடியிருக்கும், அடுத்த சுற்றில் உள்ளூரில் ஆடப்போகிறது. நடுவில் இருக்கும் இந்த ஓர் ஆட்டத்தை உள்ளூர் ஆக்கினாலும் வெளியூர் ஆக்கினாலும் முன்னதோடோ பின்னதோடோ ஒட்டிக்கொள்ளும். மாறி மாறி வரும் ஒழுங்கு அறுபடும் இந்த இடத்தை அட்டவணை போடுகிறவர்கள் ‘பிரேக்’ என்கிறார்கள். நாம் முறிவு என்று சொல்லலாம்.

உள்ளூருக்கு ‘உ’, வெளியூருக்கு ‘வெ’ என்று போட்டால் ஐந்து சுற்றின் முடிவு இப்படி வரும்.

பிரான்ஸ்: உ வெ உ வெ உ
அயர்லாந்து: வெ உ வெ உ வெ
இங்கிலாந்து: வெ உ உ வெ உ
வேல்ஸ்: உ வெ வெ உ வெ
ஸ்காட்லாந்து: வெ உ வெ உ உ
இத்தாலி: உ வெ உ வெ வெ

பிரான்சுக்கு முறிவு இல்லை. அயர்லாந்து முதல் சுற்றிலேயே அந்தச் சங்கடமான இருக்கையைக் கடந்துவிட்டதால் அதற்கும் இல்லை. மற்ற நால்வருக்கும் தலா ஒன்று, மொத்தம் நான்கு.

போட்ட அட்டவணை சரியா என்று பார்க்கவும் இந்த எழுத்துக் கட்டமே போதும். மேலிருந்து கீழாக எந்தச் சுற்றை எண்ணினாலும் மூன்று ‘உ’ இருக்க வேண்டும். இடமிருந்து வலமாக எந்த அணியை எண்ணினாலும் இரண்டோ மூன்றோ ‘உ’ இருக்க வேண்டும். ஐந்து ஒற்றைப்படை எண் என்பதால் சரிபாதி கிடைக்காது. மூன்று அணிக்கு மூன்று உள்ளூர் ஆட்டம், மூன்று அணிக்கு இரண்டு என்பதே அடையக்கூடிய சமநிலை. கடைசியாக, எந்த இரண்டு வரியும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கக் கூடாது.

நான்குக்குக் கீழே போக முடியாது

அந்தக் கடைசி நிபந்தனையில்தான் முழு ரகசியமும் இருக்கிறது. இரண்டு அணிகளின் வரிகள் ஒன்றுபோல இருந்தால் அவை எல்லாச் சுற்றிலும் ஒன்றாக உள்ளூரிலும் ஒன்றாக வெளியூரிலும் இருக்கும். ஆனால் ஏதோ ஒரு சுற்றில் அவை ஒன்றோடொன்று மோதியாக வேண்டுமே. அந்த நாளில் ஒன்று உள்ளூர், மற்றது வெளியூர். ஆகவே இரண்டு வரிகள் ஒரே மாதிரி இருக்க வழியில்லை.

முறிவே இல்லாத வரிகள் எத்தனை உண்டு? உள்ளூரில் தொடங்கி மாறி மாறிப் போவது ஒன்று. வெளியூரில் தொடங்கி மாறி மாறிப் போவது இன்னொன்று. மூன்றாவதாக ஒன்று கிடையாது. ஆகவே இரண்டு அணிகளுக்கு மேல் முறிவில்லாமல் தப்ப முடியாது. ஆறில் இரண்டு போக நான்கு, இருபதில் இரண்டு போக பதினெட்டு. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கணித அறிஞர் டொமினிக் டி வெரா 1980களின் தொடக்கத்தில் எழுதிய கட்டுரைகளில் இதை நிறுவிக் காட்டினார். அணிகளின் எண்ணிக்கையில் இரண்டைக் கழித்தால் வருவதே முறிவுகளின் கீழ் எல்லை. மேலே போட்ட அட்டவணை அந்த எல்லையைச் சரியாகத் தொட்டு நிற்கிறது.

இப்போது 2024இல் உண்மையில் நடந்த அட்டவணையை அதே எழுத்துகளில் எழுதிப் பார்ப்போம்.

பிரான்ஸ்: உ வெ உ வெ உ
இங்கிலாந்து: வெ உ வெ உ வெ
அயர்லாந்து: வெ உ உ வெ உ
இத்தாலி: உ வெ வெ உ வெ
வேல்ஸ்: உ வெ வெ உ உ
ஸ்காட்லாந்து: வெ உ உ வெ வெ

அயர்லாந்துக்கும் இத்தாலிக்கும் தலா ஒரு முறிவு. வேல்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும் தலா இரண்டு. மொத்தம் ஆறு. தாளில் நான்கு போதும் என்றபோது உண்மையில் ஏன் ஆறு?

தாளில் போட்டவருக்கு இருந்த சுதந்திரம் அமைப்பாளர்களுக்கு இல்லை. சிக்ஸ் நேஷன்ஸ் தொடரில் ஓர் ஆண்டு டப்ளினில் நடந்த ஆட்டம் மறு ஆண்டு லண்டனில் நடக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் இப்படியே. 2023இல் அயர்லாந்து இங்கிலாந்தைத் தன் மண்ணில் சந்தித்தது, அதனால் 2024இல் அந்த ஆட்டம் இங்கிலாந்தின் டிவிக்கன்ஹாம் மைதானத்தில்தான் நடக்க முடியும். தாளில் போட்ட அட்டவணையோ நான்காவது சுற்றில் அதை அயர்லாந்துக்குக் கொடுத்துவிட்டது. யார் மண்ணில் என்பது பதினைந்து ஆட்டத்துக்கும் முந்தைய ஆண்டே முடிவாகிவிடுகிறது. எந்த வாரத்தில் என்பது மட்டுமே மாற்றக் கையில் இருக்கிறது.

இந்தக் கட்டுப்பாடு வீண் இல்லை. ஓர் ஆண்டில் மூன்றுக்கு இரண்டு என்று கோணிய தராசு இரண்டு ஆண்டுகள் சேர்ந்தால் ஐந்துக்கு ஐந்து என்று நேராகிவிடுகிறது.

இரண்டு முறை மோதினால்

கால்பந்து லீகுகளில் பெரும்பாலும் ஒவ்வொரு ஜோடியும் ஒரே பருவத்தில் இரண்டு முறை மோதும், உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று. 2008இல் ஐபிஎல் கிரிக்கெட் தொடங்கியபோது எட்டு அணிகளும் இப்படித்தான் தலா 14 லீக் ஆட்டம் ஆடின. இதில் சமநிலை பற்றிய கவலை இல்லை, எல்லோருக்கும் சரிபாதி. சங்கடம் வரிசையில்தான்.

முதல் பாதியை அப்படியே திருப்பி, உள்ளூரை வெளியூராகவும் வெளியூரை உள்ளூராகவும் மாற்றி இரண்டாம் பாதி ஆக்குவதே எளிய வழி. நம் தாளில் இருக்கும் ஸ்காட்லாந்தை எடுத்து இதைச் செய்து பார்ப்போம். முதல் பாதியில் நான்காவது, ஐந்தாவது ஆட்டங்கள் இரண்டும் உள்ளூர். ஆறாவது ஆட்டம் முதல் ஆட்டத்தின் மறுபக்கம். முதல் ஆட்டம் வெளியூர் என்பதால் ஆறாவது உள்ளூர். தொடர்ந்து மூன்று ஆட்டம் சொந்த மண்ணில் வந்துவிட்டது. இத்தாலிக்கு நேர் எதிராக மூன்று ஆட்டம் தொடர்ந்து வெளியே. மூன்று வாரம் மைதானத்தில் கூட்டம் இல்லாமல், டிக்கெட் வருமானம் இல்லாமல் இருப்பதை எந்த அணியும் விரும்பாது.

இதற்கு மருந்து சின்னது. இரண்டாம் பாதியின் முதல் இரண்டு சுற்றுகளை இடம் மாற்றிவிட்டால் போதும். முதலில் இரண்டாவது சுற்றின் மறுபக்கம், பிறகு முதல் சுற்றின் மறுபக்கம். ஸ்காட்லாந்தின் பத்து ஆட்டங்கள் இப்போது இப்படி வரும்.

ஸ்காட்லாந்து: வெ உ வெ உ உ – வெ உ உ வெ வெ

மூன்று தொடர் ஆட்டம் மறைந்தது. இத்தாலிக்கும் அப்படியே மறைந்தது. ஆறு அணிகளின் முறிவுகளையும் கூட்டினால் மாற்றுவதற்கு முன்பு பன்னிரண்டு, மாற்றிய பின்பும் பன்னிரண்டு. எண்ணிக்கை குறையவில்லை, ஒரே இடத்தில் குவியாமல் பரவிக்கொண்டது. பிரான்சும் அயர்லாந்தும் அதுவரை அனுபவித்த முறிவில்லாத ஒழுங்கை இழந்தன, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மூன்று முறிவுகள் ஒன்றாகக் குறைந்தன.

இதே சிக்கலைச் சதுரங்கக்காரர்கள் வெகு நாளாக அறிவார்கள். அங்கே மைதானம் இல்லை, வெள்ளைக் காய் உள்ளூர் போல, கறுப்புக் காய் வெளியூர் போல. முதலில் நகர்த்துகிற வெள்ளைக்குச் சற்று அனுகூலம் உண்டு என்பதால் அதையும் மாறி மாறித் தர வேண்டும். 1886இல் ரிச்சர்ட் ஷூரிக் வெளியிட்ட இணைப்பு அட்டவணைகள் ஆஸ்திரிய ஆட்டக்காரர் யோஹான் பெர்கர் பெயரால் புகழ்பெற்று, பெர்கர் அட்டவணை என்றே இன்றும் வழங்குகின்றன. வட்ட முறையின் இன்னொரு வடிவம்தான் அது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே தன் விதிநூலிலேயே அதைச் சேர்த்திருக்கிறது.

பெர்கர் அட்டவணையில் ஒரு ஜோடிக்கு முறிவு தொடக்கச் சுற்றுகளிலேயே விழும், நம் தாளில் கடைசியில் விழுந்தது போல அல்ல. அதனால் அங்கே மருந்தும் தலைகீழ். இருமுறை மோதும் தொடராக இருந்தால் முதல் பாதியின் கடைசி இரண்டு சுற்றுகளை இடம் மாற்றுங்கள், ஒரே நிறம் மூன்று முறை தொடர்வதைத் தவிர்க்கலாம் என்று ஃபிடே பரிந்துரைக்கிறது.

சென்னையைச் சேர்ந்த குகேஷ் உலகப் பட்டத்துக்கான சவாலராகத் தேர்வான 2024 கேண்டிடேட்ஸ் தொடர் இதற்கு நல்ல உதாரணம். டொரோன்டோவில் எட்டு பேர், 14 சுற்று, ஒவ்வொருவருக்கும் ஏழு வெள்ளை, ஏழு கறுப்பு. அங்கே அட்டவணைக்கு இன்னொரு சுமையும் இருந்தது. ஒரே நாட்டவர்கள் கடைசிச் சுற்றுகளில் மோதினால் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள் என்ற சந்தேகம் எழலாம். அதனால் அவர்களைத் தொடக்கத்திலேயே மோதவிடுவது வழக்கம். இந்தியாவிலிருந்து குகேஷ், பிரக்ஞானந்தா, விதித் குஜராத்தி என்று மூவர் ஆடினார்கள். முதல் சுற்றில் குகேஷும் விதித்தும், இரண்டாவதில் பிரக்ஞானந்தாவும் குகேஷும், மூன்றாவதில் விதித்தும் பிரக்ஞானந்தாவும் மோதினார்கள். வட்ட மேசையில் யார் எந்த நாற்காலி என்பதைக் கவனமாகத் தீர்மானித்தால்தான் மூன்று ஜோடிகளும் மூன்று சுற்றுக்குள் அடங்கும்.

ஒரே மைதானம், இரண்டு அணி

யாருக்கு எந்த நாற்காலி என்ற கேள்வி இத்தாலியின் மிலான் நகரில் இன்னும் கூர்மையாகிறது. ஏசி மிலான், இன்டர் மிலான் இரண்டு கால்பந்து அணிகளுக்கும் சான் சிரோ ஒன்றே சொந்த மைதானம். ஒரே சுற்றில் இரண்டுக்கும் உள்ளூர் ஆட்டம் கொடுத்தால் ஒரு வார இறுதிக்குள் அந்தப் புல்தரை இரண்டு ஆட்டங்களைத் தாங்க வேண்டும், நகரத்துப் போலீஸும் போக்குவரத்தும் இரண்டு கூட்டங்களைச் சமாளிக்க வேண்டும். ஒன்று உள்ளூரில் இருக்கும்போது மற்றது கட்டாயம் வெளியூரில் இருப்பதுதான் நல்லது.

வட்ட முறை இதற்கும் இடம் வைத்திருக்கிறது. மேலே தாளில் போட்ட ஆறு வரிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பாருங்கள். பிரான்சும் அயர்லாந்தும் எல்லாச் சுற்றிலும் நேர் எதிர். இங்கிலாந்தும் வேல்ஸும் அப்படியே, ஸ்காட்லாந்தும் இத்தாலியும் அப்படியே. முதல் சுற்றின் வரிசையில் பார்த்தால் அசையாத அணியும் அதன் கீழ் இருப்பதும் ஒரு ஜோடி. மற்றவர்கள் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஜோடிகள். மைதானத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு அணிகளை அந்த இரண்டு இடங்களில் எழுதிவிட்டால் பருவம் முழுக்க அவை இடித்துக்கொள்ளாது. எந்த அணிக்கு எந்த எண் என்பதைக் கடைசியில் தீர்மானிக்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வதற்குக் காரணம் இதுதான். முதலில் வெறும் எண்களை வைத்து அட்டவணை போட்டு, எந்த எண்ணுக்கு எப்படிப்பட்ட வரி வருகிறது என்று பார்த்து, பிறகு தேவைக்கேற்ப அணிகளின் பெயரைப் பொருத்த வேண்டும்.

ஆனால் தாளும் பேனாவும் எங்கே கைவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் முறையில் ஒரு ஜோடி அணிகளுக்கு முறிவு எப்போதும் கடைசிச் சுற்றில் விழும். அசையாத அணியை வெளியூரில் தொடங்கவிட்டால் அது முதல் இரண்டு சுற்றுகளுக்கு இடம் மாறும், ஒழியாது. இங்கிலாந்தின் பிரீமியர் லீகோ இருபது அணி, 38 சுற்று, 380 ஆட்டம். எந்த அணியும் பருவத்தைத் தொடர்ந்து இரண்டு உள்ளூர் ஆட்டங்களோடோ இரண்டு வெளியூர் ஆட்டங்களோடோ தொடங்கவும் முடிக்கவும் கூடாது என்பது அங்கே கடைப்பிடிக்கும் வழக்கம். எந்த ஐந்து தொடர் ஆட்டத்தை எடுத்தாலும் மூன்றுக்கு இரண்டு என்ற அளவில் இருக்க வேண்டும் என்றும் பார்க்கிறார்கள். கூடவே ஒரே நகரத்து அணிகள், காவல்துறையின் கோரிக்கைகள், ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்கள். இத்தனையும் சேர்ந்தால் கையால் சுழற்றும் வட்டம் போதாது, கணினி நிரல் தேவைப்படுகிறது. அப்போதும் ஏதாவது ஒரு விருப்பத்துக்காகச் சில முறிவுகளைக் கூடுதலாக ஏற்றுக்கொள்ளவே நேர்கிறது.

மீண்டும் வேல்ஸுக்கு வருவோம். 2025இல் எல்லா ஆட்டங்களும் மைதானம் மாறின. முதல் ஆட்டம் பாரிஸில், இரண்டாவது ரோமில். தொடக்கத்திலேயே ஒரு முறிவு, அதுவும் வெளியூரில். பிறகு கார்டிஃபில் அயர்லாந்து, எடின்பரோவில் ஸ்காட்லாந்து, மறுபடி கார்டிஃபில் இங்கிலாந்து. அந்த ஆண்டு வேல்ஸுக்குக் கிடைத்த உள்ளூர் ஆட்டம் இரண்டே. முந்தைய ஆண்டின் மூன்றையும் கூட்டினால் ஐந்து.